தொண்டை வரை எரியுதா? தலையணையை அடுக்காதே, செங்கல் வை!

ராத்திரி ஒரு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி விடியலை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறாயா? இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இரண்டு தடவையும் அந்தச் சுவரில் நானும் சாய்ந்திருக்கிறேன். முதல் தடவை செய்யக் கூடாததையெல்லாம் செய்தேன். அதைத்தான் இப்போது நீயும் செய்துகொண்டிருப்பாய், அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கேள்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை இருக்கிறது. கர்ப்பத்தில் கூடுதலாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்தச் சுருக்கைத் தளர்த்திவிடும். சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்குவதும் மெதுவாகிவிடும். மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பை கீழிருந்து நெருக்கும். வாய் தளர்ந்த பையைக் கீழேயிருந்து அமுக்கினால் என்ன ஆகும்? அதுதான் உன் எதுக்களிப்பு. அமிலம் நெஞ்சோடு நின்றால் நெஞ்செரிச்சல். தொண்டை வரை வந்தால் காலையில் குரல் கம்மும், வறட்டு இருமல் வரும், தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போலிருக்கும். இதைச் சளி என்று நினைத்துக் கஷாயத்தில் இறங்காதே.

"நெஞ்சு எரிஞ்சா பிள்ளைக்கு முடி கொட்டிக் கிடக்கும்" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். நானும் மூடநம்பிக்கை என்றுதான் இருந்தேன். 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 64 கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்ததில், எரிச்சல் அதிகம் இருந்தவர்களின் குழந்தைகளுக்கு முடியும் அதிகம் இருந்ததாம். சின்ன ஆய்வுதான். பாட்டிகளுக்கு ஒரு மார்க் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

முதலில் படுக்கை

எல்லோரும் மாத்திரையில் ஆரம்பிப்பார்கள். நான் கட்டிலில் ஆரம்பிக்கிறேன். ராத்திரிதான் பெரிய தொல்லை, கட்டிலைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

1. தலையணையை அடுக்காதே. மூன்று தலையணை வைத்தால் கழுத்து மட்டும்தான் தூக்கும், உடம்பு இடுப்பில் மடியும். மடிந்த வயிறு இரைப்பையை இன்னும் அமுக்கும். எரிச்சலும் போகாது, காலையில் கழுத்து வலியும் சேரும். தலை மட்டும் உயர்ந்தால் போதாது, இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சரிவாக இருக்க வேண்டும்.

2. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வை. ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தால் சுமார் மூன்று அங்குலம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஆறு அங்குலம் கிடைக்கும். ஆறிலிருந்து எட்டு அங்குலம்தான் தேவை. செங்கல்லின் குழி மேலே பார்த்திருக்கட்டும், கட்டில் கால் அதில் உட்கார்ந்துகொள்ளும். அடியில் பழைய மிதியடித் துண்டு போட்டால் வழுக்காது. நீ தூக்காதே! வீட்டில் இரண்டு பேரைக் கூப்பிடு. வைத்த பிறகு கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார். ஆடினால் அதில் படுக்கக் கூடாது.

3. கால் இல்லாத பெட்டிக் கட்டிலா, தரையில் பாயா? மெத்தைக்கோ பாய்க்கோ அடியில், இடுப்பு வரும் இடத்தில் ஒரு மடிப்பு, முதுகுக்கு இரண்டு, தலைக்கு மூன்று என்று ஜமக்காளத்தை மடித்துச் சரிவு கட்டு. சாய்வான பஞ்சு மெத்தையும் கடையில் கிடைக்கிறது. வாங்கினால் இடுப்பு வரை நீளம் வருகிறதா என்று பார்த்து வாங்கு. தோளோடு நிற்பது வெறும் விலை உயர்ந்த தலையணை.

4. இடது பக்கம் படு. இரைப்பையின் பெரிய பகுதி உடம்பின் இடது பக்கம் தொங்குகிறது. இடது பக்கம் படுத்தால் அமிலம் அந்தக் குழியில் கீழே தங்கும், சுருக்கு வாய் மேலே இருக்கும். வலது பக்கம் திரும்பினால் வாய் கீழே போய்விடும். பாட்டிலைக் கவிழ்த்த கதைதான். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும், முதுகுப் பக்கம் சுருட்டிய போர்வையும் வைத்துக்கொண்டால் தூக்கத்தில் புரளுவது குறையும். ஏழாவது மாதத்துக்கு மேல் மல்லாந்து தூங்கப் போகாதே என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். அது பிள்ளைக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்காக. நடு ராத்திரியில் மல்லாந்திருப்பதைப் பார்த்தால் பதறாதே, திரும்பிப் படு, அவ்வளவுதான்.

5. படுக்கப் போகுமுன் நாடாவைப் பார். பாவாடை நாடாவையும் சுடிதார் நாடாவையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அக்கா, எல்லாம் செஞ்சும் எரியுது" என்பவர்கள் எத்தனை பேர்! வயிற்றில் நாடாத் தடம் பதிந்திருந்தால் அது இறுக்கம்தான். நைட்டிக்கு மாறு.

ராத்திரிச் சாப்பாடும் கடிகாரமும்

என்ன சாப்பிடுகிறாய் என்பதைவிட எப்போது, எவ்வளவு என்பதுதான் எனக்கு முக்கியம். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும், முடியாவிட்டால் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று தட்டை நிரப்புகிறவர்களிடம், "பாதி இப்போ, பாதி அப்புறம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தால் வயிறு எந்த நேரமும் நிரம்பி வழியாது. சாப்பிட்டதும் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக் குடிக்காதே. தண்ணீரை நடுநடுவே, சாப்பாடு இல்லாத நேரத்தில் குடி.

புளிக்குழம்பு, தக்காளி ரசம், பரோட்டா சால்னா, வடை பஜ்ஜி, ஊறுகாய், காபி, சாக்லேட் எல்லாம் பழைய குற்றவாளிகள். ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போகாது. எனக்கு ரசம் எரியும், மீன் குழம்பு ஒன்றும் செய்யாது. காலண்டரில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டையும் எரிந்ததா இல்லையா என்பதையும் குறித்து வை. உன் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அதை மட்டும் ராத்திரியில் நிறுத்தி, மதியம் கொஞ்சம் தொட்டுக்கொள்.

மாத்திரையில் யாரை நம்பலாம்

எந்த மருந்தானாலும் செக்கப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ பி.பி.யோ இருந்தால் இது இன்னும் கண்டிப்பு. கடைக்காரர் கொடுத்தார், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாள் என்பதெல்லாம் இப்போது செல்லாது.

1. முதலில் வருவது சாதாரண ஆன்டாசிட். ஜெலுசில், டைஜீன் என்று நாம் கேட்டு வாங்கும் வகை. அலுமினியம் ஹைட்ராக்சைடும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது. சொன்ன அளவில், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள மருத்துவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பது இதுதான். அலுமினியம் மலத்தைக் கட்டும், மக்னீசியம் இளக்கும், அதனால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். திரவத்தைக் குலுக்கிவிட்டு ஊற்று, இல்லாவிட்டால் மேலே தண்ணீரும் அடியில் மருந்துமாக இருக்கும். மாத்திரையானால் நன்றாக மென்று தின்ன வேண்டும், முழுங்கக் கூடாது.

எப்போது குடிப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வெறும் வயிற்றில் குடித்தால் அரைமணி நேரத்தில் அது இறங்கிப் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றிலேயே தங்கி, இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்யும். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பின், தேவைப்பட்டால் படுக்கும்போது இன்னொரு தடவை.

2. சோடியம் ஆல்ஜினேட் சேர்ந்த திரவம். கடற்பாசியிலிருந்து எடுப்பது. காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி இரைப்பைச் சாப்பாட்டின்மேல் ஒரு ஆடையாக மிதந்து, அமிலம் மேலே வராமல் மூடும். நெஞ்சைவிடத் தொண்டை அதிகமாக எரிகிறவர்களுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் குடிக்க வேண்டும். மேலே தண்ணீர் குடித்து ஆடையைக் கலைத்துவிடாதே. இதில் உப்புச் சத்து உண்டு, பி.பி. இருந்தால் கேட்டுக்கொள்.

3. கால்சியம் கார்பனேட் மெல்லும் மாத்திரை. இதுவும் ஏற்றதுதான், ஆனால் மிட்டாய் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையும் இதே குடும்பம். ஏற்கெனவே நாளுக்கு இரண்டு கால்சியம் போட்டுக்கொண்டு, இதையும் டப்பாவில் வைத்து மென்றுகொண்டே இருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். கணக்கைச் சொல்லிக் கேள்.

4. இவை கேட்கவில்லையென்றால் அடுத்த படி மருத்துவர் கையில் இருக்கிறது. ஃபாமோடிடின், அதற்கும் அடங்காவிட்டால் ஒமிப்ரசோல் வகை. கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுத்து வருபவைதான், தேவைப்பட்டு எழுதினால் பயப்படாமல் சாப்பிடு. பழைய ஞாபகத்தில் ரானிட்டிடின் தேடிப் போகாதே. அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரிந்து, 2020இல் அமெரிக்கா சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022இல் அது போய்விட்டது. வீட்டுப் பெரியவர்கள் தினமும் காலையில் போடும் 'கேஸ் மாத்திரை'யில் பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கும். அந்த அட்டையிலிருந்து உனக்கு ஒன்று பிய்த்துக் கொடுத்தால் வாங்காதே.

கிட்டவே வைக்காதே

ஆப்ப சோடா, தண்ணீரில் போட்டதும் பொங்கும் பாக்கெட் உப்பு இரண்டும் வேண்டாம். இரண்டிலும் சோடியம் பைகார்பனேட்தான். சட்டென்று ஏப்பம் வரும், சுகமாக இருக்கும், அதில்தான் ஏமாறுகிறோம். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், வீக்கம் கூடும், ரத்தத்தின் காரத்தன்மையைக் குலைக்கும். கோலி சோடா, பன்னீர் சோடாவும் வேண்டாம். வாயு இரைப்பையை ஊத வைத்து அமிலத்தைத்தான் மேலே தள்ளும்.

தொண்டை எரிச்சல் என்றதும் வீட்டில் ஒருவர் கண்டிப்பாக அதிமதுரம் என்பார். சளிக்கு நல்ல மருந்து என்று எனக்கும் தெரியும், ஆனால் கர்ப்பத்தில் வேண்டாம். அதிலிருக்கும் கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பொடியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், வாயில் அடக்கிக்கொள்ளும் குச்சியும் வேண்டாம். ஆறின பாலா? அரை டம்ளர் குடித்தால் அப்போதைக்குத் தணியும், பிறகு இரைப்பை மறுபடி அமிலம் சுரக்கும். படுக்கும் நேரத்தில் பெரிய டம்ளர் பால் என்பது இன்னொரு சாப்பாடு.

புளித்த தண்ணீர் வாய்க்கு வந்ததும் பிரஷ்ஷை எடுக்காதே. அமிலத்தில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும், தேய்த்தால் தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளி, ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்.

ஒருத்தியின் ராத்திரியைத் திருப்பிய கதை

என் சித்தி மகள் ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள். எட்டாம் மாதம். ஒன்பது மணிக்குக் கடை விடும், ஒன்பதரைக்குச் சாப்பாடு. கையோடு இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரு மடக்குத் தண்ணீரில் முழுங்கிவிட்டுப் பத்தேகாலுக்குப் படுப்பாள். ஒரு மணிக்கு எரிச்சல் எழுப்பும். தலைமாட்டில் ஆன்டாசிட் பாட்டில், பாட்டிலோடவே வாயில் கவிழ்ப்பாள். மாதக் கடைசியில் ரத்தம் பார்த்தால், இரும்பு மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

எங்கே தப்பு என்று உனக்கே தெரிகிறதா? ஆன்டாசிட்டும் கால்சியமும் இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையே இரைப்பையைக் கிளறும், அதைக் கொஞ்சம் தண்ணீரில் முழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். அவளுக்குத் தைராய்டு மாத்திரை வேறு இருந்தது. அதற்கும் இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் எதற்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும்.

அவள் நர்ஸ் அக்காவிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய அட்டவணை இது:

- காலை 6: தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில்.
- காலை 11: இரும்பு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீரோடு. கடையில் டீ வரும் நேரமும் அதுதான். டீ இரும்பைக் கெடுக்கும் என்பதால் அவள் டீ நான்கு மணிக்குப் போனது. முதல் இரண்டு நாள் என்னைத் திட்டினாள்.
- மதியம் 1.30: சாப்பாட்டோடு கால்சியம்.
- இரவு 7: கடையிலேயே பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கி, டப்பாவில் கொண்டுபோன மூன்று இட்லியும் பாசிப்பருப்பு சாம்பாரும். இரண்டாவது கால்சியம்.
- இரவு 9.15: வீட்டில் பசித்தால் ஒரு வாழைப்பழம், அதற்குமேல் இல்லை.
- இரவு 10.45: இரண்டு டீஸ்பூன் ஆன்டாசிட், அளந்து. பிறகு செங்கல் வைத்த கட்டிலில் இடது பக்கம்.

மாயம் ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து நாளில் ஒரு மணிக்கு எழுவது நின்றது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த அன்றைக்கு மறுபடி எரிந்தது. பிரசவம் வரை வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி இருக்கத்தான் செய்தது. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது, பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான்.

'கேஸ்தான்' என்று விடக் கூடாதவை

இதை மட்டும் அவசரத்தில் தாண்டிப் போகாதே. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ விடாமல் வலித்தால் அது அசிடிட்டி என்று நீயாக முடிவு செய்யாதே. ரத்த அழுத்தம் ஏறிக் கல்லீரலைத் தொடும்போதும் வலி அதே இடத்தில்தான் வரும். தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது அல்லது மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இதில் ஒன்று சேர்ந்தாலும் ஆன்டாசிட் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அங்கேயே மருத்துவரைப் பார். வலி மட்டும் இருந்தாலும் ஆன்டாசிட்டுக்கு அடங்கவில்லையென்றால் போய்விடு.

மார்பு அழுத்தி வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்து மூச்சு வாங்குவது, ரத்த வாந்தி, சாப்பாடு தொண்டையில் நிற்பது, எடை குறைவது எல்லாமும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது சகஜம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது வேறு.

ராத்திரியானால் விடியட்டும் என்று இருக்காதே, 108ஐக் கூப்பிடு. கிளம்பும்போது கர்ப்பகால அட்டையை எடுத்துக்கொள். போன செக்கப்பில் பி.பி. எவ்வளவு இருந்தது என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.